பெரியப்பாவைத் திருத்தாதீர்கள், சித்தப்பாவுக்கு எழுதுங்கள்

பெற்றோரே, கொஞ்சம் கடிந்துதான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து குவியும் ஃபார்வர்டுகளைப் பற்றி நாம் எல்லா இடத்திலும் புலம்புகிறோம், சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்வதில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி அக்கா தங்கையெல்லாம் சேர்ந்து தனியாக ஒரு குரூப் வைத்துக்கொண்டு, பெரியப்பா போட்டதை அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம். பெரிய குரூப்பை நிரந்தரமாக மியூட் செய்துவிட்டோம். ராத்திரி சாப்பிடும்போது, “உங்க தாத்தா மறுபடி ஆரம்பிச்சிட்டாரு” என்று பிள்ளைகள் காதில் விழும்படியே சொல்கிறோம். ஐந்தாவது படிக்கிற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டேதான் தோசையைப் பிய்க்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் தாத்தாவிடமே போய், “நீங்க அனுப்புறதெல்லாம் பொய்யாமே?” என்று கேட்டால் அதைக் கண்டிக்க நமக்கு ஏது வாய்?

இதைவிட மோசம், குரூப்பிலேயே பதில் சொல்லும் வீரர்கள். பெரியப்பா காலையில் எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து, ‘தேசிய கீதம் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது’ என்று ஒன்றை ஆசையாகப் போடுகிறார். அடுத்த நிமிடமே மருமகன் ‘FAKE’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கூடவே உண்மை சரிபார்ப்பு லிங்க் ஒன்றையும் ஒட்டுகிறார். அவர் சொன்னது சரிதான், யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் நாற்பது பேர் பார்க்க எழுபத்தெட்டு வயதுக்காரரைத் தலைகுனிய வைத்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டாரும் அதே குரூப்பில் இருக்கிறார்கள். அதன்பின் பெரியப்பா அனுப்புவதை நிறுத்திவிடுவாரா என்ன? இரண்டு நாள் பேசாமல் இருப்பார், மூன்றாம் நாள் இரண்டு மடங்காக அனுப்புவார். மருமகன் போடும் கல்யாணப் படத்துக்கு மட்டும் கை கூப்பும் பொம்மை வராது.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பாட்டியின் எண்பதாம் வயது விசேஷத்துக்காக ஆரம்பித்த குரூப் அது. ஆரம்பித்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா, இன்றுவரை அவர் ஒருவர்தான் அட்மின். ஃபார்வர்டில் முதலிடம் அவருடைய சொந்த அண்ணனுக்கு, அதாவது பெரியப்பாவுக்கு. அடுத்த இடம் அத்தைக்கு. ஒருநாள், இறந்துபோன உறவினர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியம் காலை பத்தரைக்குப் பதிலாக எட்டு மணிக்கே நடக்கும் என்று குரூப்பில் ஒருவர் போட்டார். அதற்குப் பின்னால் ‘இந்தப் பெருமாள் படத்தை 11 பேருக்கு அனுப்புங்கள், இரவுக்குள் நல்ல செய்தி வரும்’ வகையறா வரிசையாக வந்து விழுந்தது. சென்னையிலிருந்து ரயிலேறிய அந்தக் குடும்பத்து மகளும் மருமகனும் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் பாதி குறைந்திருந்தன. இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மகள் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். அவள் குரூப்பில் ஒன்றும் பேசவில்லை. பெரியப்பாவுக்கும் போன் போடவில்லை. சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு செய்தி எழுதினாள். அதை எழுதி முடிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது என்றால், அதில் யோசிக்க அவ்வளவு இருந்தது.

முதல் சிக்கல், சித்தப்பா பெயருக்குத்தான் அட்மின். வீட்டில் அவர் தம்பி. அண்ணனிடம் “அனுப்பாதீங்க” என்று சொல்லும் அதிகாரத்தை எந்த செட்டிங்கும் அவருக்குக் கொடுக்காது. எனவே “நீங்கதானே அட்மின், கண்ட்ரோல் பண்ணுங்க” என்று எழுதினால் அவரை இடுக்கியில் மாட்டிவிடுகிறோம். அவர் “சரிம்மா” என்று பதில் போட்டுவிட்டு ஒன்றும் செய்யமாட்டார், செய்யவும் முடியாது. அண்ணனிடம் சொல்லத் தக்க வார்த்தையையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தால்தான் காரியம் நடக்கும்.

இரண்டாவது சிக்கலை நம்மில் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. தனியாக அனுப்பும் செய்தி தனியாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சித்தப்பா வெள்ளந்தி மனிதர். “பாப்பா நல்லா எழுதியிருக்கா” என்று அதையே குரூப்பில் ஃபார்வர்டு செய்தாலும் செய்வார். ஃபார்வர்டை நிறுத்தச் சொன்ன செய்தியே ஃபார்வர்டாகிப் போன கதைகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு வரியையும் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிப்பார் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும். அவர் பெயர் வரக்கூடாது. ‘யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை’ என்ற வரியும் வரக்கூடாது, அதைப் படித்த உடனே எல்லோரும் யாரென்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் எழுதிய முதல் வடிவத்தை எனக்குக் காட்டினாள். ‘அனைவருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். உறுதிப்படுத்தப்படாத தகவல்களைப் பகிர்வதைத் தயவுசெய்து தவிர்க்கவும்.’ இதில் எந்தச் சொல்லும் தப்பில்லை, ஆனால் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருந்தது. வீட்டுக்குள் யாரும் ‘தவிர்க்கவும்’ என்று பேசுவதில்லை. அதோடு ‘உறுதிப்படுத்தப்படாத’ என்றதுமே, உங்களுக்கு விவரம் போதாது என்று பெரியவர்களிடம் சொன்னதாகிவிடுகிறது. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த பெரியப்பா அதை எப்படி எடுத்துக்கொள்வார்?

கடைசியில் போன செய்தி இது. அவள் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

“சித்தப்பா, எப்படி இருக்கீங்க? முழங்கால் வலி இப்ப தேவலையா? சித்தி அனுப்புன நார்த்தங்காய் ஊறுகாய் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

நீங்க குரூப் ஆரம்பிச்சதாலதான் எங்க பசங்களுக்கு யாரு அத்தை, யாரு பெரியத்தைன்னே தெரியுது. அதுல உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும் சித்தப்பா. அன்னைக்குக் காரியத்துக்கு நேரம் மாறுனதை நாங்க பார்க்காமலே விட்டுட்டோம். குரூப்ல நிறைய வந்ததுல அது மேல போயிடுச்சு. போய் நின்னப்ப மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

போட்டோ, கோயில் படம், காலை வணக்கமெல்லாம் எப்பவும் போல வரட்டும், அதைப் பாத்தாதான் எல்லாரும் சௌக்கியம்னு தெரியுது. ரெட்டை அம்புக்குறி போட்டு வர்றதையும், ‘இத்தனை பேருக்கு அனுப்பு’ன்னு வர்றதையும் மட்டும் நம்ம குரூப்ல போடாம இருக்கலாமான்னு யோசிச்சுப் பாருங்க. எங்க வயசுக்காரங்களும் போடுறோம், நாங்களும் நிறுத்திக்கிறோம்.

இதை எப்படிச் சொன்னா பெரியவங்களுக்கு மனசு கோணாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்.”

இதில் இருக்கும் முக்கியமான வேலை அந்த ரெட்டை அம்புக்குறிதான். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்தியின் தலையில் வாட்ஸ்அப் இரண்டு அம்புகளைப் போடுகிறது. ஒற்றை அம்பு என்றால் சாதாரண ஃபார்வர்டு. 2020 ஏப்ரலிலிருந்து இரட்டை அம்புச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். குடும்பத்துக்கு இது பெரிய வரப்பிரசாதம். ‘பொய்ச் செய்தி போடாதீர்கள்’ என்று விதி வைத்தால் ஒவ்வொரு முறையும் எது பொய், எது மெய் என்று யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு சொல்பவர் பெரும்பாலும் வயதில் சின்னவராக இருப்பார், சண்டை அங்கேதான் பிறக்கிறது. ‘இரட்டை அம்பு வேண்டாம்’ என்றால் தீர்ப்புச் சொல்ல ஆளே தேவையில்லை. செய்தி மெய்யாகவே இருக்கலாம், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அம்பு இருக்கிறதா இல்லையா என்று பெரியப்பாவே பார்த்துக்கொள்வார், அவர் அறிவை யாரும் அளக்கவில்லை.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. செய்தியைக் காப்பி செய்து புதிதாக ஒட்டினால் அம்பு போய்விடும். அத்தை அப்படித்தான் செய்கிறார், வேண்டுமென்று இல்லை, அவருக்கு யாரோ அப்படிப் பழக்கிவிட்டார்கள். அதனால்தான் ‘இத்தனை பேருக்கு அனுப்பு’ என்ற இரண்டாவது அடையாளமும் சேர்ந்தது. இந்த இரண்டிலும் சிக்காமல் தப்பி வருபவை வரட்டும். எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்தால் ஒன்றும் நடக்காது.

‘11 பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல்’ வகையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இது வாட்ஸ்அப் பெற்ற பிள்ளை இல்லை. சாமி பெயரைச் சொல்லி, இத்தனை கடிதம் எழுதிப் போடு என்று தபால் கார்டு வந்த காலத்தை நம் அம்மாக்களுக்கு நினைவிருக்கும். அத்தை அதை நம்பித்தான் அனுப்புகிறார் என்றும் சொல்ல முடியாது, அனுப்பாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற சின்னப் பயம்தான். அந்தப் பயத்தோடு வாதாடாதீர்கள். “சாமி விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் ஊத்திட்டு விட்ருங்க அத்தை, அது போதும்” என்று சித்தப்பா சொன்னால் அத்தைக்கும் நிம்மதி, குரூப்புக்கும் நிம்மதி.

சித்தப்பா அதன்பின் செய்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு வராத பக்குவம் அவருக்கு வந்தது. முதலில் அண்ணனுக்கு போன் போட்டார். ஃபார்வர்டு பற்றி எடுத்த எடுப்பில் பேசவில்லை. “காரியத்துக்குப் பிள்ளைங்க லேட்டா வந்து நின்னது மனசுக்கு என்னவோ போல இருந்துச்சுண்ணே, குரூப்பைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாம்னு பாக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?” என்று யோசனை கேட்டார். கேட்கப்பட்டவர் பெரியவர் அல்லவா, அவரே “கண்டதையும் போடக்கூடாதுன்னு சொல்லிடு” என்றுவிட்டார். அடுத்த நாள் குரூப்பில் சித்தப்பாவின் குரலிலேயே ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அண்ணன்கிட்ட பேசினேன், அண்ணனும் இதைத்தான் சொன்னாங்க” என்று அதில் ஒரு வரி. எழுத்தில் வந்திருந்தால் உத்தரவு போல இருந்திருக்கும். குரலில் இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்ததால் யாருக்கும் சுருக்கென்று படவில்லை. அதை அப்படியே முப்பது நாளுக்குக் குரூப்பின் தலையில் பின் செய்துவைத்தார்.

விவரம் தெரிந்த மருமகன்கள் சித்தப்பாவுக்குக் கொடுக்கும் இரண்டு யோசனைகளைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒன்று, ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று குரூப்பைப் பூட்டுவது. பூட்டினால் பாட்டிக்குப் பேரனின் மார்க்கைப் பார்த்து ‘சபாஷ்’ போட வழி இல்லை. இன்னொன்று, வேண்டாததை அட்மினே எல்லோருக்கும் அழிப்பது. அட்மினால் அது முடியும், ஆனால் அழித்த இடத்தில் இந்த அட்மின் அழித்தார் என்று பெயரோடு ஒரு வரி நிற்கும். தம்பி அண்ணனுடையதை அழித்தான் என்று குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டை வேறு இடத்தில் நன்றாகப் பயன்படுத்தலாம். விசேஷம், காரியம், ஆஸ்பத்திரிச் செய்தி இவற்றுக்கு மட்டும் இன்னொரு குரூப், அதில் அட்மின் மட்டும் எழுதலாம். சித்தப்பா அப்படி ஒன்று வைத்து அதில் பெரியப்பாவையும் அட்மின் ஆக்கினார். கோயில் கொடைக்கு நாள் குறித்துச் சொல்வது இப்போது பெரியப்பா பொறுப்பு. காலையில் எழுந்ததும் ஏதாவது அனுப்ப வேண்டும் என்ற கை அரிப்புக்கு அது எவ்வளவு தூரம் உதவியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அமாவாசை, பிரதோஷம் எதுவும் இப்போது யாருக்கும் தவறுவதில்லை.

அட்மினைப் பயமுறுத்தியும் காரியம் சாதிக்காதீர்கள். ‘குரூப்பில் தவறான செய்தி வந்தால் அட்மின்தான் ஜெயிலுக்குப் போக வேண்டும்’ என்று சுற்றுகிறதே, அதுவும் அரைகுறை ஃபார்வர்டுதான். வேறொருவர் போட்டதற்கு அட்மினை, அவர் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் மும்பை உயர்நீதிமன்றமும் 2022-ல் கேரள உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டன.

இத்தனை மென்மை எதற்கு, உயிர் போகிற விஷயமும் ஃபார்வர்டில் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை கடத்தல் வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு யாரோ சுற்றவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு ஃபார்வர்டை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இதெல்லாம் உண்மை. ஆனால் சித்தப்பாவுக்கு எழுதும் செய்தியில் இதைச் சேர்க்கும் அளவுக்குப் பெரியப்பா என்ன குற்றம் செய்துவிட்டார்? அவர் யாரையும் அடிக்கப் போகவில்லை.

ஆபத்தானது வந்தால் அந்த ஒன்றைப் பற்றி மட்டும், அன்றைக்கே, போனில் பேசுங்கள். பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பிழைப்பார் என்று அடிக்கடி ஒன்று வரும். அது வந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வீட்டில் ஊசி தேடும் நேரமெல்லாம் அதில் கழியும். “பெரியப்பா, எங்க டாக்டர்கிட்ட கேட்டேன், ஊசி குத்துறதுல நேரம் போயிடும்னாரு, உடனே 108-க்கு அடிக்கச் சொன்னாரு. நீங்களே குரூப்ல சொல்லிட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்” என்று சொல்லுங்கள், ஆனால் டாக்டரிடம் உண்மையிலேயே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். திருத்தம் அவர் வாயாலேயே வந்தால் அவருக்கு அது கௌரவம்.

இனி நம் முதுகைப் பார்ப்போம். மழைக்காலத்தில் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று போன வருஷத்துக் கலெக்டர் அறிவிப்பை, தேதியைக் கூடப் பார்க்காமல் வகுப்புத் தாய்மார் குரூப்பில் போட்டது யார்? பெரியப்பாவா? ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை எழுப்பாமல் தூங்கவிட்ட வீடுகள் எத்தனை! மறுநாள் பள்ளி திறந்திருந்தது, வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அங்கே யாரும் ‘FAKE’ என்று போடவில்லை, ஏனென்றால் போட்டவர் நம் வயது, நம்மைப் போல ஆங்கிலம் பேசுகிறவர். ‘எங்க வயசுக்காரங்களும் போடுறோம், நாங்களும் நிறுத்திக்கிறோம்’ என்று அந்தப் பெண் எழுதியது மரியாதைக்காக எழுதிய வரி இல்லை. உங்கள் செய்தியில் அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் உங்கள் குரூப்புகளை ஒருமுறை மேலே தள்ளிப் பார்த்துவிடுங்கள், சித்தப்பா எதுவும் கேட்கமாட்டார், பிள்ளைகள் கேட்பார்கள்.

எழுதும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பா போட்ட அன்றே போனால் கோபத்தில் எழுதியது என்று தெரிந்துவிடும், இரண்டு மூன்று நாள் போகட்டும். பண்டிகை நாள் வேண்டாம். ராத்திரி பத்துக்கு மேல் வேண்டாம், அந்த நேரத்தில் மருமகளிடமிருந்தோ மகளிடமிருந்தோ நீளமாக ஒன்று வந்தால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று சித்தி பயந்துவிடுவார்.

மூன்றாவது வாரம் பெரியப்பா மறுபடி ஒன்றைப் போடுவார், இரண்டு அம்போடு. போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். உடனே சித்தப்பாவுக்கு ‘பாத்தீங்களா?’ என்று அனுப்பாதீர்கள், பிள்ளைகளிடம் கண்ணடிக்காதீர்கள். அதன் கீழேயே, “பெரியப்பா, இந்த வருஷம் கொடை ஆடியிலயா ஆவணியிலயா? டிக்கெட் போடணும்” என்று கேட்டுவையுங்கள். அவர் பஞ்சாங்கத்தை எடுக்க எழுந்து போவார்.